எண்ணிக்கை சரியாக இருந்தும் நிற்காத டிரஸ்

நேரான சட்டங்களை முனைகளில் மட்டும் ஒன்றோடொன்று பிணைத்துச் செய்யும் கட்டமைப்புக்கு டிரஸ் என்று பெயர். ரயில் பாலங்களின் இருபுறமும் எழும் இரும்புச் சட்டகம், தகரக் கொட்டகையின் கூரையைத் தாங்கும் முக்கோணங்கள், மின்கம்பி செல்லும் உயர்கோபுரம் எல்லாம் இந்த இனத்தைச் சேர்ந்தவை. இவற்றில் எந்தச் சட்டம் எவ்வளவு விசையைச் சுமக்கிறது என்று கணக்கிட, பொறியாளர்கள் இரண்டு எளிமைகளை ஏற்றுக்கொள்கிறார்கள். சட்டங்கள் சந்திக்கும் மூட்டு ஒவ்வொன்றும் கீல் போலத் தடையின்றித் திரும்பும் என்பது ஒன்று. சுமை மூட்டுகளில் மட்டுமே விழும், சட்டத்தின் நடுவில் விழாது என்பது மற்றொன்று. சட்டத்தின் சொந்த எடையையும் இரண்டாகப் பிரித்து இரு முனை மூட்டுகளில் வைத்துவிடுவார்கள்.

உண்மையில் மூட்டுகள் கீல்கள் அல்ல. கஸெட் தகட்டில் போல்ட் போட்டோ வெல்டிங் செய்தோ இறுக்கப்பட்டவை. ஆனால் சட்டங்கள் நீண்டு ஒல்லியாக இருக்கும்போது மூட்டின் இறுக்கத்தால் வரும் வளைவு சிறியது என்பதால், இந்த எளிமை பெரும்பாலும் பழுதில்லாத விடையையே தருகிறது. அதற்குக் கிடைக்கும் பலன் பெரிது. இரு முனைகளில் மட்டும் விசை ஏற்கும் சட்டம் தன் நீளத்தின் வழியே இழுபடலாம் அல்லது அமுங்கலாம். வேறெதுவும் அதற்கு நேராது. ஆகவே ஒரு சட்டத்தின் நிலையைச் சொல்ல ஒரே ஓர் எண் போதும். அந்த எண் நேர்க்குறியில் இருந்தால் இழுவிசை, எதிர்க்குறியில் இருந்தால் அமுக்குவிசை.

இந்த எண்களை மூட்டு மூட்டாகக் கண்டுபிடிக்கும் முறையை அமெரிக்கப் பாலப் பொறியாளர் ஸ்குவயர் விப்பிள் 1847இல் தாமே அச்சிட்ட ஒரு நூலில் விளக்கினார். அடிப்படை எளியது. அசையாமல் நிற்கும் மூட்டில் கூடும் விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்ய வேண்டும். கிடைத்திசையில் கூட்டினாலும் சுழி, செங்குத்துத் திசையில் கூட்டினாலும் சுழி. தளத்தில் அமைந்த டிரஸ்ஸில் ஒவ்வொரு மூட்டும் இப்படி இரண்டு சமன்பாடுகளைத் தருகிறது.

மிகச் சிறிய டிரஸ்ஸான ஒற்றை முக்கோணத்தில் இதை முழுமையாகச் செய்து பார்க்கலாம். A, C என்ற இரண்டு மூட்டுகள் தரைமட்டத்தில் 4 மீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. B அவற்றின் நடுவில், 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. AB, BC ஆகிய சாய்வுச் சட்டங்கள் ஒவ்வொன்றும் 2.5 மீட்டர் நீளம். ஆகவே சாய்வின் கிடைப்பங்கு 0.8, செங்குத்துப் பங்கு 0.6. A மூட்டு கீல் தாங்கியில் அமர்ந்திருக்கிறது. அது கிடையாகவும் செங்குத்தாகவும் எதிர்விசை தரும். C மூட்டு உருளையின் மேல் இருக்கிறது. அது செங்குத்தாக மட்டுமே தாங்கும். B மூட்டில் 12 கிலோநியூட்டன் சுமை கீழ்நோக்கி அழுத்துகிறது. ஏறத்தாழ ஒன்றேகால் டன் எடை என்று வைத்துக்கொள்ளலாம்.

தெரியாதவை ஆறு: மூன்று சட்டங்களின் விசைகள், மூன்று எதிர்விசைகள். மூட்டுகள் மூன்று என்பதால் சமன்பாடுகளும் ஆறு. இந்த ஆறு சமன்பாடுகளின் கெழுக்களைக் கட்டம் போட்டு எழுதினால் கிடைப்பதுதான் டிரஸ்ஸின் சமநிலை அணி. கிடையாகச் செல்லும் ஒவ்வொரு நிரையும் ஒரு மூட்டின் ஒரு திசை. நெடுக்கில் இறங்கும் ஒவ்வொரு நிரலும் ஒரு சட்டம் அல்லது ஓர் எதிர்விசை.

```
        AB     BC    AC   Ax   Ay   Cy  |  
A-x    0.8     0     1    1    0    0   |   0
A-y    0.6     0     0    0    1    0   |   0
B-x   -0.8    0.8    0    0    0    0   |   0
B-y   -0.6   -0.6    0    0    0    0   |  12
C-x     0    -0.8   -1    0    0    0   |   0
C-y     0     0.6    0    0    0    1   |   0
```

தீர்ப்பது சுலபம். மூன்றாம் நிரை AB, BC இரண்டின் விசையும் சமம் என்கிறது. நான்காம் நிரையில் அதை இட்டால் இரண்டும் −10 கிலோநியூட்டன். அதாவது சாய்வுச் சட்டங்கள் இரண்டும் அமுங்குகின்றன. ஐந்தாம் நிரையிலிருந்து அடிச்சட்டம் AC-யில் 8 கிலோநியூட்டன் இழுவிசை. கடைசியில் இரு தாங்கிகளும் மேல்நோக்கி ஆளுக்கு 6 கிலோநியூட்டன் தாங்குகின்றன. A-யின் கிடை எதிர்விசை சுழி. சாய்வுச் சட்டங்களின் பாதங்கள் வெளியே விலகிப் போகாமல் அடிச்சட்டம் பிடித்து நிறுத்துகிறது என்ற கூரைத் தச்சரின் அனுபவ அறிவுதான் இங்கே எண்ணாக வந்திருக்கிறது.

இந்த அணியில் கவனிக்க வேண்டியது, சுமை வலப்பக்கத்தில் மட்டுமே இருக்கிறது என்பது. அணிக்குள் இருப்பவை சட்டங்களின் திசைகள், அவ்வளவுதான். சட்டம் இரும்பா மரமா, தடிமன் எவ்வளவு என்பதற்குக்கூட அங்கே இடமில்லை. சுமையை மாற்றினால் அணி மாறாது. மூட்டை நகர்த்தினால் மட்டுமே மாறும். இன்னொன்றும் உண்டு. ஒரு சட்டத்தின் நிரலில் ஒரு முனைக்கான எண்களும் மறுமுனைக்கான எண்களும் குறி மாறிய இரட்டைகள். AB-யின் நிரலில் 0.8, 0.6 என்று A-க்கும், −0.8, −0.6 என்று B-க்கும் வருவதைக் காணலாம். சட்டம் ஒரு மூட்டை எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவே மறுமூட்டை எதிர்த்திசையில் இழுக்கிறது என்பதன் பதிவு இது.

சட்டங்களும் எதிர்விசைகளும் சேர்ந்த எண்ணிக்கை, மூட்டுகளின் எண்ணிக்கையைப் போல் இருமடங்காக இருந்தால் அணி சதுரமாக அமையும். தளத்தில் ஒரு பொருளை அசையாமல் நிறுத்த மூன்று எதிர்விசைகள் தேவை. ஆகவே j மூட்டுகளுக்கு 2j − 3 சட்டங்கள் வேண்டும். ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1864இல் எழுதிய கட்டுரையால் இந்த எண்ணிக்கை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஜெர்மானியக் கணிதவியலாளர் மோபியஸ் 1837ஆம் ஆண்டு நிலையியல் நூலிலேயே இதைச் சொல்லிவிட்டார். எண்ணிக்கை சரியாக இருந்தும் பயன்படாத டிரஸ்கள் உண்டு, அணிக்கோவை சுழியாகும்போது அது நேரும் என்பதையும் மோபியஸே கண்டிருந்தார். பிற்காலத்தில் பலர் முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

அணிக்கோவை சுழியாகும் சதுர அணியைப் பள்ளிக் கணக்கில் பூச்சியக் கோவை அணி என்பார்கள். அதற்கு நேர்மாறு கிடையாது. சமன்பாடுகளுக்குத் தீர்வே இல்லாமல் போகலாம், அல்லது எண்ணற்ற தீர்வுகள் இருக்கலாம். டிரஸ்ஸில் இந்த இரண்டுக்கும் கண்ணால் காணத்தக்க பொருள் உண்டு.

மேலே கண்ட முக்கோணத்திலேயே ஒரு மாற்றம் செய்யலாம். A-யின் கீலை எடுத்துவிட்டு அங்கும் உருளை வைக்கப்படுகிறது. போன எதிர்விசைக்கு ஈடாக B-க்கு நேர் கீழே ஒரு முட்டு கொடுக்கப்படுகிறது. அதன் பாதமும் உருளைமேல் இருப்பதால் அது செங்குத்தாக மட்டுமே தாங்கும். எதிர்விசைகள் இப்போதும் மூன்று. அணி இப்போதும் ஆறுக்கு ஆறு. ஆனால் கிடைத்திசைக்கான மூன்று நிரைகளையும் கூட்டிப் பார்த்தால் எல்லா இடத்திலும் சுழியே வருகிறது. சட்டங்களின் பங்கு குறி மாறிய இரட்டைகளாக அடித்துப்போகிறது. எதிர்விசைகளில் கிடைப்பங்கு எதுவுமே இல்லை. நிரைகள் ஒன்றையொன்று சார்ந்துவிட்டன. அணி பூச்சியக் கோவை அணி ஆகிவிட்டது.

இதன் பொருள், பக்கவாட்டில் 1 கிலோநியூட்டன் காற்று அடித்தால் மூன்று நிரைகளையும் கூட்டியபின் 0 = 1 என்ற பொய்க்கூற்று வரும் என்பது. சமன்பாடு தீர்வில்லை என்கிறது. டிரஸ் உருளைகள்மேல் நழுவிப் போகிறது. காற்றே இல்லாமல் 12 கிலோநியூட்டன் சுமை மட்டும் இருந்தால் வேறொரு சிக்கல் எழுகிறது. முட்டே சுமை முழுவதையும் தாங்கி, சாய்வுச் சட்டங்களில் விசையே இல்லாமல் இருக்கலாம். முட்டு 6 தாங்கிச் சாய்வுச் சட்டங்கள் ஆளுக்கு 5 அமுங்கலாம். முட்டில் ஒன்றுமில்லாமல் பழையபடி 10 அமுங்கலாம். எல்லாமே சமநிலைக்குப் பொருந்துகின்றன. உண்மையில் எது நடக்கும் என்பதை முட்டின் நீளத்தில் உள்ள ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு முடிவுசெய்யும். சமநிலைச் சமன்பாடுகளுக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது.

ஓரிடத்தில் ஆட்டம், ஓரிடத்தில் மிகை: இந்த இரண்டும் சேர்ந்தே வருவது தற்செயல் அல்ல. சதுர அணியில் நிரைகளுக்குள் எத்தனை சார்புகள் உண்டோ, நிரல்களுக்குள்ளும் அத்தனையே உண்டு. நிரைகளின் சார்பு என்பது எந்தச் சட்டத்தின் நீளத்தையும் மாற்றாமல் மூட்டுகள் நகரும் ஒரு வழி. நிரல்களின் சார்பு என்பது வெளிச்சுமை ஏதுமின்றியே சட்டங்களில் விசை தங்கியிருக்கும் ஒரு நிலை. அதை இங்கே உள்ளிறுக்கம் எனலாம். எண்ணிக்கை சரியாக இருக்கும் டிரஸ்ஸில் ஒன்று இருந்தால் மற்றது நிச்சயம் இருக்கும். எளிதாகச் சொன்னால், ஒரு சட்டம் தேவையற்ற இடத்தில் வீணாகியிருக்கிறது. அதனால் தேவையான இடத்தில் ஒன்று குறைந்திருக்கிறது.

இதை அப்படியே காட்டுவது இரண்டு கட்டங்கள் கொண்ட டிரஸ். அருகருகே இரண்டு சதுரங்கள். மேலே மூன்று மூட்டுகள், கீழே மூன்று. மேலும் கீழும் நான்கு சட்டங்கள், நிமிர்ந்த சட்டங்கள் மூன்று, மூலைவிட்டங்கள் இரண்டு, மொத்தம் ஒன்பது. 2 × 6 − 3 = 9 என்பதால் எண்ணிக்கை சரி. கட்டத்துக்கு ஒரு மூலைவிட்டமாக வைத்தால் எல்லாம் நலம். ஆனால் இரண்டு மூலைவிட்டங்களையும் இடக்கட்டத்திலேயே குறுக்காகப் போட்டுவிட்டால் வலக்கட்டம் வெறும் நாற்கரம். அது சாய்சதுரமாகச் சரியும். இடக்கட்டத்திலோ மிகை. அதன் ஒரு மூலைவிட்டத்தை டர்ன்பக்கிள் கொண்டு 10 கிலோநியூட்டன் அளவுக்கு முறுக்கினால், மற்ற மூலைவிட்டத்திலும் 10 இழுவிசை தானே வரும். சுற்றியுள்ள நான்கு சட்டங்களும் 7.07 அமுங்கும். வெளியிலிருந்து யாரும் எதையும் தொங்கவிடவில்லை.

நாற்கரக் கட்டங்கள் மட்டுமே கொண்டு நிற்கும் பாலங்களும் உண்டே என்று கேட்கலாம். பெல்ஜியப் பொறியாளர் ஆர்தர் வீரன்டீலின் பெயரால் வழங்கும் சட்டகங்கள் அப்படிப்பட்டவைதான். அவை நிற்பதற்குக் காரணம் திரும்பாத கெட்டி மூட்டுகளும், வளைவைத் தாங்கும் தடித்த சட்டங்களும். கீல் மூட்டு என்ற எளிமையை வைத்து அவற்றுக்குக் கணக்குப் போட்டால் பூச்சியக் கோவை அணிதான் கிடைக்கும். ஆகவே அணி இப்படி ஆனால் கட்டடம் விழுந்தே தீரும் என்று பொருளல்ல. ஒல்லிச் சட்டங்களின் இழுப்பும் அமுக்கமும் மட்டும் அதை நிறுத்தாது என்பதே பொருள்.

இரட்டைக் கட்டப் பிழையை எண்ணியே பிடித்துவிடலாம். மொத்தத்தை மட்டும் எண்ணாமல், எந்தச் சில மூட்டுகளை எடுத்தாலும் அவற்றுக்குள் இருக்கும் சட்டங்கள் அதே சூத்திரத்தைத் தாண்டக்கூடாது என்று வைத்துக்கொண்டால் போதும். இடக்கட்டத்தின் நான்கு மூட்டுகளுக்குள் ஐந்து சட்டங்கள்தான் இருக்கலாம், ஆறு இருக்கின்றன. ஹில்டா கைரிங்கர் 1927இல் இந்த விதியை நிறுவினார். அது கவனிக்கப்படாமல் போய், 1970இல் லாமன் தனியே மறுபடி நிறுவியதால் இன்றும் பெரும்பாலும் லாமன் பெயரிலேயே வழங்குகிறது. மூட்டுகள் எவ்வித விசேஷ ஒழுங்கும் இல்லாமல் அமைந்திருந்தால் இந்த விதி பொய்க்காது. ஆனால் பொறியாளர்கள் வரையும் உருவங்களில் ஒழுங்கு நிறையவே இருக்கும்.

அந்த ஒழுங்கே ஆபத்தாக மாறும் உருவம் ஒழுங்கு அறுகோணம். அதன் ஆறு பக்கங்களும் ஆறு சட்டங்கள். எதிரெதிர் மூலைகளை இணைக்கும் நீண்ட மூலைவிட்டங்கள் மூன்று. நடுவில் அவை ஒன்றையொன்று கடந்து செல்கின்றன, அங்கே மூட்டு கிடையாது. மொத்தம் ஒன்பது சட்டங்கள், ஆறு மூட்டுகள். மேக்ஸ்வெல் எண்ணிக்கைக்குப் பொருந்துகிறது. எந்த உள்குழுவிலும் மிகை இல்லை என்பதால் கைரிங்கர் விதியும் நிறைவேறுகிறது. பார்ப்பதற்கும் எல்லாப் பக்கமும் வரிந்து கட்டியதுபோல் இருக்கும். இருந்தும் இதன் அணி பூச்சியக் கோவை அணியே.

அதைக் காட்ட அணிக்கோவையை விரிக்கத் தேவையில்லை. சுமையே இல்லாத நிலையில் சுழியல்லாத விசைகள் சமநிலையில் இருக்க முடியுமா என்று பார்த்தால் போதும். அறுகோணத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் 1 கிலோநியூட்டன் இழுவிசை இருப்பதாகக் கொள்ளலாம். ஒரு மூலையில் இரண்டு பக்கங்கள் 120 பாகைக் கோணத்தில் இழுக்கின்றன. அவற்றின் தொகுபயன் மையத்தை நோக்கி, சரியாக 1 கிலோநியூட்டன். மூலைவிட்டத்தில் 1 கிலோநியூட்டன் அமுக்குவிசை இருந்தால் அது ஈடாகிவிடும். ஆறு மூலைகளிலும் இதே கணக்குதான். சுமையின்றி உள்ளிறுக்கம் இருக்கிறது. ஆகவே ஆட்டமும் எங்கோ இருந்தே ஆக வேண்டும்.

அந்த ஆட்டத்தையும் கண்டுபிடிக்கலாம். மூலைகளுக்கு 1 முதல் 6 வரை எண்ணிட்டு, 1, 3, 5 ஆகியவை மையத்திலிருந்து சிறிது வெளியே நகர்வதாகவும், 2, 4, 6 அதே அளவு உள்ளே நகர்வதாகவும் கொள்ள வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு முனை நீட்டுவதை மறுமுனை குறைக்கிறது. மூலைவிட்டத்தின் இரு முனைகளும் எப்போதும் ஒற்றைப்படை எண் ஒன்று, இரட்டைப்படை எண் ஒன்று. அங்கும் அதே கதை. நகர்வு மிகச் சிறியதாக இருக்கும்வரை எந்தச் சட்டத்தின் நீளமும் மாறவில்லை. எதையும் நீட்டாமல் சுருக்காமல் நிகழும் நகர்வை எந்தச் சட்டமும் எதிர்க்காது.

இங்கிருந்து எந்தச் சுமையை இந்த அறுகோணம் தாங்கும், எதைத் தாங்காது என்பதும் தெளிவாகிறது. அந்த ஆட்டத்தின்போது சுமை வேலை செய்யாவிட்டால் தீர்வு உண்டு. வேலை செய்தால் இல்லை. எதிரெதிரான 1, 4 மூலைகளை வெளிநோக்கி இழுத்தால், ஒன்று வெளியே போக மற்றது உள்ளே வருவதால் மொத்த வேலை சுழி. நடுவில் உள்ள மூலைவிட்டமே அந்த இழுப்பைத் தாங்கிவிடும். 1, 3, 5 மூலைகளை ஒரே அளவில் வெளிநோக்கி இழுத்தாலும் மூன்று விசைகளும் தமக்குள் சமநிலையில்தான் இருக்கின்றன. அறுகோணம் நகராது, சுழலாது. ஆனால் ஆட்டத்தின்போது மூன்றுமே ஒரே பக்கமாக வேலை செய்கின்றன. ஆகவே அதைச் சமாளிக்கும் சட்ட விசைகள் எதுவுமே கிடையாது.

ஆறு மூலைகளும் ஒரே வட்டத்தில் இருப்பதுதான் இதற்குக் காரணம். வட்டம் என்றில்லை, நீள்வட்டம், பரவளையம், அதிபரவளையம் என எந்தக் கூம்பு வளைவின் மேல் ஆறும் அமைந்தாலும் இதே விளைவு. ஐந்து மூலைகளை அப்படியே விட்டு ஆறாவதை மட்டும் வளைவிலிருந்து விலக்கினால் அணி சீராகிவிடும். கணினியில் சில வரிகளில் இதைச் சரிபார்க்கலாம்.

```python
import numpy as np
k = np.arange(6) * np.pi / 3
P = np.c_[np.cos(k), np.sin(k)]
bars = [(0,1),(1,2),(2,3),(3,4),(4,5),(5,0),
        (0,3),(1,4),(2,5)]
A = np.zeros((12, 12))
for c, (i, j) in enumerate(bars):
    u = (P[j] - P[i]) / np.linalg.norm(P[j] - P[i])
    A[2*i:2*i+2, c] = u
    A[2*j:2*j+2, c] = -u
A[0, 9] = A[1, 10] = A[7, 11] = 1
print(np.linalg.matrix_rank(A))
```

கடைசிக்கு முந்தைய வரி மூன்று எதிர்விசைகளைச் சேர்க்கிறது. விடை 11 என்று வரும். பன்னிரண்டு இருக்க வேண்டிய அணித்தரத்தில் ஒன்று குறைகிறது. மூன்றாம் வரிக்குப் பின் `P[0] *= 1.1` என்று ஒரு வரி சேர்த்து ஒரு மூலையை வெளியே தள்ளினால் விடை 12 ஆகிவிடும்.

மூலையைக் கொஞ்சம் விலக்கினால் போதும் என்று இதிலிருந்து முடிவுகட்டுவது தவறு. 1 மீட்டர் பக்கமுள்ள அறுகோணத்தில் ஒரு மூலை வெறும் 1 சென்டிமீட்டர் வெளியே இருப்பதாகக் கொள்ளலாம். அணித்தரம் 12தான், தீர்வும் ஒன்றே ஒன்றுதான். ஆனால் 1, 3, 5 மூலைகளை ஆளுக்கு 1 கிலோநியூட்டன் இழுத்தால் சட்டங்களில் எழும் விசை சுமார் 100 கிலோநியூட்டன். விலகல் பாதியானால் விசை இருமடங்காகும். தச்சரின் பட்டறையில் சென்டிமீட்டர் பெரிய பிழையல்ல. இங்கே அந்தப் பிழையை நம்பித்தான் டிரஸ் முழுவதும் நிற்கிறது.

இதையே இன்னும் வெளிப்படையாகக் காட்டுவது முதலில் கண்ட முக்கோணத்தின் மேல் பாதி. A, C இரண்டையும் எதிரெதிர்ச் சுவர்களில் கீலாகப் பொருத்திவிட்டு, இரண்டு சாய்வுச் சட்டங்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம். இப்போது அணி இரண்டுக்கு இரண்டு; B மூட்டின் இரு நிரைகள் மட்டும். உயரம் 1.5 மீட்டராக இருந்தபோது அதன் அணிக்கோவை 0.96. அதே 12 கிலோநியூட்டன் சுமைக்கு உயரத்தை 15 சென்டிமீட்டராகக் குறைத்தால் ஒவ்வொரு சட்டத்திலும் விசை 10லிருந்து சுமார் 80 ஆகும். 1.5 சென்டிமீட்டராக்கினால் சுமார் 800. உயரம் சுழியானால் செங்குத்து நிரை முழுவதும் சுழி; தீர்வு இல்லை. துணி காயப்போடும் கொடியை எவ்வளவு முறுக்கிக் கட்டினாலும் ஈரத்துணி விழுந்ததும் சற்றேனும் தொய்வது இதனால்தான்.

கணக்கு தீர்வில்லை என்கிறது. நிஜச் சட்டங்களோ அறுந்து விழுவதில்லை. சமன்பாடுகள் சுமைக்கு முந்தைய வடிவத்தை வைத்து எழுதப்பட்டவை. சட்டங்களோ சுமை ஏறியதும் தொய்ந்து, சாய்வு பெற்று, பிறகு தாங்கத் தொடங்குகின்றன. 2 மீட்டர் நீளமுள்ள இரண்டு சட்டங்கள் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும்போது நடு மூட்டு 20 மில்லிமீட்டர் இறங்க, ஒவ்வொரு சட்டமும் 0.1 மில்லிமீட்டர் நீண்டால் போதும். போல்ட்டுக்கும் துளைக்கும் இடையே சாதாரணமாக விடும் இடைவெளியே இதைவிட அதிகம். இடைவெளியே இல்லாமல், 500 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள எஃகுச் சட்டங்களை எடுத்துக்கொண்டாலும், அந்த 0.1 மில்லிமீட்டர் நீட்சியால் வரும் இழுவிசை சுமார் 5 கிலோநியூட்டன். சாய்வு மிகக் குறைவு என்பதால் அதில் செங்குத்தாகப் பயன்படுவது இரு சட்டங்களுக்கும் சேர்த்து 0.1 கிலோநியூட்டன்தான். இரண்டு எஃகுச் சட்டங்கள் சேர்ந்து 20 மில்லிமீட்டர் தொய்ந்து பத்து கிலோ எடையைத் தாங்குகின்றன.

பூச்சியக் கோவை அணியை வேண்டுமென்றே பயன்படுத்தும் கட்டமைப்புகளும் உண்டு. கம்பிவட வலைக் கூரைகளில் முன்கூட்டியே இழுவிசை ஏற்றப்படுகிறது. அந்த உள்ளிறுக்கம் ஆட்டத்தை எதிர்க்கும் விறைப்பைத் தருகிறது. நேர்க்கோட்டில் உள்ள கம்பியை முறுக்கினால் அது விறைப்பது போல. ஆனால் அங்கே நேரியச் சமன்பாடுகளை மட்டும் நம்பி யாரும் கணக்குப் போடுவதில்லை.

மீண்டும் சாதாரண டிரஸ்ஸுக்கு வந்தால், கணினி இந்தக் கோளாறை எப்படிக் காட்டுகிறது என்பது முக்கியம். காகிதத்தில் சமன்பாடுகளை நீக்கிக்கொண்டே போகும்போது வகுக்க வேண்டிய இடத்தில் சுழி வந்து நின்றுவிடும். கணினியில் பெரும்பாலும் சுழி வராது. அறுகோணத்தின் மூலைகளில் √3/2 போன்ற எண்கள் இருக்கின்றன. கணினி அவற்றைச் சுமார் 16 இலக்கத்தோடு வெட்டிவிடுகிறது. சுழி வரவேண்டிய இடத்தில் 10⁻¹⁶ அளவில் ஒரு துணுக்கு மிஞ்சுகிறது. நிரல் அதனால் வகுத்துவிட்டு, சட்டத்தில் லட்சம் கோடிக்கும் மேற்பட்ட கிலோநியூட்டன் விசை என்று எந்த எச்சரிக்கையுமின்றி அச்சிடக்கூடும். இவ்வளவு பெரிய எண் வந்தால் யாரும் சந்தேகப்படுவார்கள். இன்னும் வழுக்கலானது, சுமை தற்செயலாக ஆட்டத்தின்போது வேலை செய்யாத வகையைச் சேர்ந்திருப்பது. அப்போது விடை நம்பத்தகுந்த அளவிலேயே வந்து ஏமாற்றிவிடலாம். மறுநாள் காற்றுச் சுமையைப் போடும்போதுதான் பூதம் கிளம்பும்.

அணிக்கோவையின் மதிப்பைப் பார்த்து முடிவு செய்வதும் உதவாது. பன்னிரண்டு நிரல்களும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கும் ஆரோக்கியமான அணியில் எல்லா எண்களையும் பத்தால் வகுத்தால், அணிக்கோவை ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அணிக்கு ஒரு குறையும் இல்லை. பார்க்க வேண்டியது நிபந்தனை எண் எனப்படும் அளவு. அணி ஒரு திசையில் எவ்வளவு அதிகமாக நீட்டுகிறது, இன்னொரு திசையில் எவ்வளவு குறைவாக நீட்டுகிறது என்பவற்றின் விகிதம் அது. `np.linalg.cond(A)` அதைத் தரும். அது ஆயிரமாக இருந்தால் விடையில் சுமார் மூன்று இலக்கங்களை இழக்க நேரிடலாம். 10¹⁶-ஐ நெருங்கினால் விடையில் நம்பத்தக்க இலக்கமே மிஞ்சாது.

வடிவமைப்பு அலுவலகங்களில் உள்ள மென்பொருள்கள் சமநிலை அணியை நேரடியாகத் தீர்ப்பதில்லை. சட்டங்களின் விறைப்பையும் சேர்த்து விறைப்பு அணி ஒன்றை அமைத்து, முதலில் மூட்டுகளின் நகர்வைக் கண்டுபிடிக்கின்றன. சட்டங்கள் தேவைக்கு மேல் இருந்தாலும் இந்த முறை தடுமாறாது. மிகையை யார் எவ்வளவு பகிர்வது என்பதை விறைப்பு தீர்த்துவைக்கிறது. ஆனால் ஆட்டம் இருந்தால் விறைப்பு அணியும் பூச்சியக் கோவை அணியே. அதில் சமநிலை அணி இரண்டு முறை பெருக்கப்படுவதால் நிபந்தனை எண்ணும் ஏறத்தாழ இருமடியாகிறது. இழக்கும் இலக்கங்களும் இரட்டிக்கின்றன.

அத்தகைய மென்பொருள் கோளாறைச் சொல்லும்போது பெரும்பாலும் ஒரு மூட்டின் எண்ணையும் ஒரு திசையையும் சுட்டும். அந்த மூட்டில்தான் பிழை என்று எடுத்துக்கொண்டு அங்கே ஒரு சட்டத்தையோ தாங்கியையோ ஒட்டுவது வழக்கமான தவறு. சமன்பாடுகளை நீக்கும் வரிசையில் சுழி எங்கே வெளிப்பட்டதோ அந்த இடத்தைத்தான் மென்பொருள் சொல்கிறது. மூட்டுகளுக்கு வேறு வரிசையில் எண்ணிட்டால் வேறொரு மூட்டு சுட்டப்படலாம். நம்பகமான வழி, அணியின் மிகச் சிறிய ஒருமை மதிப்புக்கு உரிய நகர்வை எடுத்து அதைப் பெரிதாக்கி வரைந்து பார்ப்பது. `np.linalg.svd(A)` தரும் முதல் அணியின் கடைசி நிரல் அதுதான். அறுகோணத்தில் அதை வரைந்தால், தாங்கிகள் பிடித்திருக்கும் இரு மூட்டுகளின் தடைக்கு ஏற்ப முழு உருவமும் சிறிது இடம்பெயர்ந்திருந்தாலும், மூலைகள் மையத்தை ஒப்பிட்டு மாறிமாறி வெளியேயும் உள்ளேயும் போவது தெரியும். இரட்டைக் கட்ட டிரஸ்ஸில் வலக்கட்டம் சரிவது தெரியும். எந்த நகர்வைத் தடுக்க வேண்டுமோ அதன் குறுக்கே நீளம் மாறும்படி புதிய சட்டம் விழ வேண்டும். அறுகோணத்தில் 1, 3 மூலைகளை இணைத்தால் அது நீளும், ஆட்டம் நிற்கும். ஆட்டத்தின்போது நீளம் மாறாத இரு மூட்டுகளுக்கு இடையே எத்தனை சட்டங்களைக் கூட்டினாலும் உள்ளிறுக்கங்கள் பெருகுமே தவிர அணித்தரம் உயராது.